தீபாவளி ஆஃபரில் முழு உடல் பரிசோதனை: கூடுதல் டெஸ்டுகளோடு சேர்த்து விலை கணக்கிடும் முறை

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைக்கும் கவுன்ட்டரில் கட்டும் பணத்துக்கும் இடையில் ஆயிரம் ரூபாய் வரை வித்தியாசம் வருவது சாதாரணம். யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. தள்ளுபடி எதன் மேல் விழுகிறது, கூடுதலாகக் கேட்ட டெஸ்டுக்கு அது பொருந்துமா, எத்தனை பேருக்கு ஒரு பில் என்பதையெல்லாம் முதலில் கேட்காமல், பணம் கட்டும்போது தெரிந்துகொள்வதால்தான் இந்தத் தடுமாற்றம். கீழே உள்ள வரிசையில் போனால் கவுன்ட்டருக்குப் போவதற்கு முன்பே கடைசித் தொகை உங்கள் கையில் இருக்கும்.

முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். 52 வயது ஆண் ஒருவர், சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார். அவரோடு அவர் மனைவிக்கும் 47 வயதில் ஒரு பொதுவான பரிசோதனை. விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் லேபின் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு காகிதங்கள் போதும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, லேபின் ஆஃபர் நோட்டீஸ், அதே லேபின் தனித்தனி டெஸ்ட் விலைப்பட்டியல்.

இந்தக் கடைசிக் காகிதத்தைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பேக்கேஜ் விலை மட்டும் தெரிந்தால் அது மலிவா இல்லையா என்று சொல்ல வழியே இல்லை. எதிரே வைத்துப் பார்க்கத் தனி விலை வேண்டும். கவுன்ட்டரில் கேட்டால் கொடுப்பார்கள்; பல லேப்களின் செயலியில் டெஸ்ட் பெயரைத் தேடினாலே விலை வரும்.

உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு இலவசப் பரிசோதனையோ அதற்கான தொகையோ சில பாலிசிகளில் இருக்கும். அது குறிப்பிட்ட லேபில் மட்டுமே செல்லும் என்றால் ஆஃபரைப் பார்க்கும் வேலையே மிச்சம்.

## 2. தேவைப் பட்டியலை முதலில் எழுதுங்கள், ஆஃபரைப் பிறகு பாருங்கள்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. நோட்டீஸை முதலில் பார்த்தால் அதில் உள்ளதெல்லாம் தேவை போலத் தோன்றும். அதில் இல்லாத முக்கியமான ஒன்று கண்ணில் படாமலே போய்விடும்.

நம் உதாரணத்தில் இருப்பவருக்கு வழக்கமான பட்டியல் இது: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்எச், சிறுநீர். இதற்கு மேல் சர்க்கரை நோயாளி என்பதால் மூன்று சேர்கின்றன.

முதலாவது எச்பிஏ1சி. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை இது காட்டும். இரண்டாவது சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்படும்போது, ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். அதனால்தான் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறையாவது இதைப் பார்க்கச் சொல்கிறார்கள். மூன்றாவது வைட்டமின் பி12. மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுப்பவர்களுக்குப் பி12 குறைய வாய்ப்பு உண்டு. அப்படிக் குறைந்தால் கால் மரத்துப்போவதைச் சர்க்கரையால் வந்ததென்றே நினைத்து விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

பொதுவான பேக்கேஜ்களில் இந்த ஆல்புமின் விகிதம் பெரும்பாலும் இருக்காது. 'சிறுநீர்ப் பரிசோதனை' என்று இருப்பது வேறு. அது சாதாரணப் பரிசோதனை, சிறிய அளவிலான ஆல்புமின் கசிவு அதில் தெரியாமல் போகலாம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் 'இதுவும் இருக்கிறதே' என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

பட்டியலை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். சென்ற மாதம் எடுத்த ஒன்றை அவர் அடித்துவிடக்கூடும். விட்டுப்போன ஒன்றை எழுதித் தரக்கூடும்.

## 3. '72 பரிசோதனைகள்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்

நோட்டீஸில் பெரிதாக இருக்கும் எண், ரிப்போர்ட்டில் வரும் வரிகளின் எண்ணிக்கை. எத்தனை விதமான டெஸ்ட் என்பது வேறு.

கொழுப்புப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொழுப்பு, டிரைகிளிசரைடு, எச்டிஎல் என்று மூன்றை மட்டும் அளந்துவிட்டு, மீதியைக் கணக்குப் போட்டே பல லேப்கள் தருகின்றன. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். அந்த ஐந்தில் ஒரு பங்குதான் விஎல்டிஎல். எச்டிஎல் அல்லாத கொழுப்பு இன்னொரு கழித்தல். அதற்கு மேல் இரண்டு விகிதங்கள். அளந்தது மூன்று, அச்சில் வருவது எட்டு வரி. ரத்த எண்ணிக்கையிலும் ஒரே கருவி ஒரே ஓட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகளைத் தந்துவிடும். இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் 72 வரிப் பேக்கேஜை 60 வரிப் பேக்கேஜோடு எண்ணை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: நோட்டீஸில் உள்ளதைக் குழுக்களாக எழுதுங்கள். ரத்த எண்ணிக்கை ஒரு குழு, கொழுப்பு ஒரு குழு, கல்லீரல் ஒரு குழு. நம் உதாரணத்தின் அடிப்படைப் பேக்கேஜில் ஏழு குழுக்கள் வருகின்றன. அவருடைய வழக்கமான பட்டியலில் உள்ள ஏழும் அவைதான். கூடுதலாகத் தேவைப்படும் மூன்றும் இதில் இல்லை.

எல்டிஎல் கணக்கில் ஒரு எல்லை உண்டு. டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் அந்தக் கழித்தல் கணக்கு செல்லாது. எல்டிஎல்லை நேரடியாக அளக்க வேண்டும். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு அந்த அளவில் இருந்திருந்தால், நேரடி எல்டிஎல் பேக்கேஜில் சேர்ந்ததா, தனிக் கட்டணமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

## 4. தள்ளுபடியின் மூன்று கண்ணிகள்

எந்த விலையிலிருந்து குறைக்கிறார்கள்? அடிப்படைப் பேக்கேஜின் அச்சிட்ட விலை 3,000 ரூபாய், தீபாவளிக்கு 40% தள்ளுபடி, ஆக 1,800 ரூபாய். ஆனால் அதே பேக்கேஜ் சென்ற மாதம் 2,400க்குக் கிடைத்தது என்றால் உண்மையில் குறைந்தது 600 ரூபாய், அதாவது 25%. ஆஃபர் இல்லாத நாளில் என்ன விலை என்று கவுன்ட்டரில் கேளுங்கள். 'ஆஃபர் முடிந்துவிடும்' என்ற அவசரத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது அப்போது தெரியும்.

உச்சவரம்பு இருக்கிறதா? '40% தள்ளுபடி' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே 'அதிகபட்சம் ரூ.1,500' என்று சிறிய எழுத்தில் இருக்கலாம். 3,000 ரூபாய் பேக்கேஜுக்கு 40% என்பது 1,200தான், வரம்பு தொடாது. 5,000 ரூபாய் பேக்கேஜுக்கு 40% என்றால் 2,000. ஆனால் கிடைப்பது 1,500 மட்டும். பெரிய பேக்கேஜ் பக்கம் போகப் போக இந்த ஒரு வரிதான் கணக்கைத் திருப்பிவிடுகிறது.

கூடுதல் டெஸ்டுக்கும் உண்டா? பொதுவாகத் தள்ளுபடி பேக்கேஜுக்கு மட்டும். நீங்களாகச் சேர்ப்பவை முழு விலையில் ஏறும். ஆனால் பேக்கேஜோடு சேர்த்து எடுத்தால் கூடுதல் டெஸ்டுக்கும் சலுகை தரும் லேப்கள் உண்டு. அதை நோட்டீஸில் போடாமல் கேட்டால் மட்டும் சொல்பவர்களும் உண்டு. "பேக்கேஜோட சேர்த்து எடுத்தா இந்த மூணு டெஸ்டுக்கும் எவ்வளவு குறைப்பீங்க?" என்று நேராகக் கேளுங்கள். 'குறைப்பீர்களா' என்று கேட்பதைவிட 'எவ்வளவு' என்று கேட்பது நல்ல பலன் தரும்.

விரிதாளில் கணக்குப் போடுபவர்கள், அச்சிட்ட விலை `B2` கட்டத்தில் இருந்தால், வரம்போடு சேர்த்து இப்படி எழுதலாம்:

```
=B2-MIN(B2*40%,1500)
```

## 5. மூன்று வழிக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரே தேவைப் பட்டியலுக்கு மூன்று வழி இருக்கிறது: சிறிய பேக்கேஜும் கூடுதல் டெஸ்டும், பெரிய பேக்கேஜ், பேக்கேஜே இல்லாமல் தனித்தனியாக. மூன்றையும் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. எது ஜெயிக்கும் என்பது ஆளுக்கு ஆள், ஆஃபருக்கு ஆஃபர் மாறுகிறது.

கூடுதல் மூன்றின் தனி விலை: எச்பிஏ1சி 450, ஆல்புமின் விகிதம் 500, பி12 850. மொத்தம் 1,800.

முதல் வழியில் அடிப்படைப் பேக்கேஜ் 1,800, கூடுதல் 1,800, ஆக 3,600.

இரண்டாவது, 5,000 ரூபாய் போட்ட பெரிய பேக்கேஜ். இதில் எச்பிஏ1சி, பி12 இரண்டும் இருக்கின்றன. வைட்டமின் டி, இரும்புச் சத்து, தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 ஆகியவையும் கூட. ஆல்புமின் விகிதம் மட்டும் இல்லை. வரம்பைக் கவனிக்காதவர் 3,000 என்று கணக்குப் போட்டு, அதோடு 500 சேர்த்து 3,500 என்பார். 'நூறு ரூபாய் குறைவு, அதோடு நாலு டெஸ்ட் இலவசம்' என்று சந்தோஷப்படுவார். வரம்பைச் சேர்த்தால் பேக்கேஜ் 3,500, ஆல்புமின் விகிதம் 500, மொத்தம் 4,000. இப்போது இது முதல் வழியைவிட 400 ரூபாய் அதிகம்.

மூன்றாவது, தனித்தனியாக. சர்க்கரை 80, கொழுப்பு 500, கிரியேட்டினின் 180, கல்லீரல் 600, ரத்த எண்ணிக்கை 350, டிஎஸ்எச் 300, சிறுநீர் 150 என்று கூட்டினால் 2,160. கூடுதல் மூன்றும் சேர்ந்தால் 3,960.

ஆக முதல் வழிதான் குறைவு. ஆனால் இரண்டு மாதம் முன்பு வேறு ஒரு காரணத்துக்காக ரத்த எண்ணிக்கை, கல்லீரல், டிஎஸ்எச் மூன்றும் எடுத்து, எல்லாம் சரியாக இருந்து, மருத்துவரும் இப்போது வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தனித்தனி வழி 910ம் 1,800மாக 2,710ல் முடிந்துவிடும். ஆஃபரைவிட 890 ரூபாய் குறைவு. பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொன்று: பேக்கேஜில் ஒரு டெஸ்ட் வேண்டாம் என்றால் அதற்கான பணத்தைக் கழிக்க மாட்டார்கள். 'அதை எடுக்காமல் விடுங்கள், வேறு ஒன்றை மாற்றிக் கொடுங்கள்' என்ற கோரிக்கையையும் பில்லிங் மென்பொருள் பெரும்பாலும் ஏற்காது. பேக்கேஜ் ஒரே வரியாக ஏறுகிறது என்பதே காரணம். அதனால் வேண்டாததை உள்ளே வைத்துக்கொண்டு விலையை மட்டும் ஒப்பிடுங்கள்.

## 6. கூடுதல் டெஸ்டுகளில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்

கூடுதல் டெஸ்ட் என்பது உங்கள் வயது, நோய், மாத்திரை, குடும்ப வரலாறு ஆகிய ஏதாவது ஒன்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். 'இது வந்தால் அடுத்து என்ன செய்வோம்?' என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் சேர்க்கலாம். எச்பிஏ1சி ஏறியிருந்தால் மருந்தை மாற்றுவார்கள். ஆல்புமின் கசிந்தால் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தை யோசிப்பார்கள். பி12 குறைந்தால் மாத்திரையோ ஊசியோ தருவார்கள். மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

கவுன்ட்டரில் 'இன்னும் 600 போட்டால் கேன்சர் மார்க்கரும் சேர்த்துக்கலாம்' என்று சொல்லும்போது நிதானியுங்கள். சிஏ125, சிஇஏ போன்றவை, அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் புற்றுநோயைத் தேடிப் பிடிக்கும் டெஸ்டுகள் அல்ல. சிஏ125 மாதவிடாய், கருப்பை நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றிலும் ஏறும். சிஇஏ புகை பிடிப்பவர்களுக்கே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஏறிய எண்ணைப் பார்த்துப் பயந்து, ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவு அந்த 600 ரூபாயோடு நிற்பதில்லை. சரியான அளவில் வந்தாலும் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமாகாது.

வைட்டமின் டி அடுத்தது. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்று அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எலும்பு வலி, எலும்பு முறிவு, சிறுநீரக நோய் போன்ற காரணம் இருந்தால் மருத்துவரே எழுதித் தருவார். பெரிய பேக்கேஜின் விலையை ஏற்றி வைத்திருக்கும் பொருட்களில் இது முக்கியமானது.

ஏற்கெனவே உள்ளே இருப்பதை மறுபடி வாங்குவதும் நடக்கிறது. பேக்கேஜில் டிஎஸ்எச் இருக்கும்போது 'தைராய்டு புரொஃபைல்' என்று தனியாகச் சேர்த்தால் டிஎஸ்எச்சுக்கு இரண்டு முறை பணம் போகிறது. டிஎஸ்எச் சரியாக இருந்து, வேறு சந்தேகமும் இல்லாதவருக்கு டி3, டி4 பெரும்பாலும் தேவைப்படாது. சிறுநீரகத்துக்கான இஜிஎஃப்ஆர் என்பது கிரியேட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடும் எண். அதைத் தனி டெஸ்டாக விலை போட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

## 7. இரண்டு பேருக்கு என்றால் பில்லை எப்படிப் போடுவது

பேக்கேஜைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் இந்தக் கணக்கு வர வேண்டும். ஏனென்றால் வரம்பு, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் கட்டணம் இரண்டும் பில் தொகையைப் பொறுத்தவை.

கேட்டுப் பார்த்ததில் கூடுதல் டெஸ்டுகளுக்கு 20% குறைக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,800 ரூபாய் 1,440 ஆகிறது. கணவருக்கு மொத்தம் 3,240. மனைவிக்கு அடிப்படைப் பேக்கேஜ் மட்டும், 1,800. வீட்டுக்கு வர 150 ரூபாய். தள்ளுபடி போன பிறகு பில் 3,500 தொட்டால் அது இலவசம்.

'இரண்டு பேரையும் ஒரே பில்லில் போட்டால் 150 மிச்சம்' என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் வரம்பு கடிக்கிறது. ஒரே பில்லில் இரண்டு பேக்கேஜ் 6,000. அதில் 40% என்பது 2,400. ஆனால் ஒரு பில்லுக்கு 1,500 வரம்பு. ஆக 4,500, கூடுதல் டெஸ்ட் 1,440, மொத்தம் 5,940.

தனித்தனிப் பில் போட்டால் கணவருக்கு 3,240ம் 150ம் சேர்ந்து 3,390. மனைவிக்கு 1,800ம் 150ம் சேர்ந்து 1,950. மொத்தம் 5,340. இரண்டு முறை வீட்டுக் கட்டணம் கட்டியும் 600 ரூபாய் குறைவு. ஒரே நேரத்தில் ஒரே வீட்டுக்கு ஒரே ஆள்தான் வருகிறார், ஒரு கட்டணம் போதாதா என்று கேட்டுச் சம்மதம் வாங்கினால் 5,190.

வரம்பு ஆளுக்கா, பில்லுக்கா, ஒரு செல்பேசி எண்ணுக்கா என்பதை லேபிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். எண்ணுக்கு ஒருமுறைதான் ஆஃபர் என்றால் மனைவியின் எண்ணிலிருந்து தனியாகப் புக் செய்ய வேண்டியிருக்கும்.

கூப்பனும் இருந்தால் வரிசையைப் பாருங்கள். 200 ரூபாய் கூப்பனை 40% குறைந்த பிறகு கழித்தால் அடிப்படைப் பேக்கேஜ் 1,600. கூப்பனை முதலில் கழித்து மீதி 2,800க்கு 40% போட்டால் 1,680. எண்பது ரூபாய்தான், ஆனால் பில்லில் நீங்கள் எதிர்பார்த்த தொகை வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கும். பல இடங்களில் பண்டிகை ஆஃபரோடு கூப்பன் செல்லவே செல்லாது.

## 8. தேதியைத் தள்ளி வையுங்கள்

தீபாவளி ஆஃபர் என்பதால் தீபாவளி வாரத்திலேயே ரத்தம் கொடுக்க வேண்டும் என்றில்லை. முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஆஃபர் புக் செய்யும் தேதிக்கா, ரத்தம் எடுக்கும் தேதிக்கா? புக் செய்யும் தேதிக்கு என்றால் இப்போது பணம் கட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கொடுக்கலாம். பில்லில் 'எத்தனை நாளுக்குள்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி தவறினால் பணம் திரும்ப வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

தள்ளி வைக்கச் சொல்வதற்குக் காரணம் அதிரசமும் மைசூர்பாகும்தான். இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் நாலைந்து நாள் தொடர்ந்து உள்ளே போனால் டிரைகிளிசரைடும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏறி நிற்கலாம். மது அருந்தியிருந்தால் டிரைகிளிசரைடு இன்னும் ஏறும். அந்த எண்ணை வைத்து மருந்தை முடிவு செய்ய முடியாமல் மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால் இரண்டாவது முறை பணம் முழு விலையில் போகும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி ஒன்றிரண்டு வாரம் ஆன பிறகு கொடுங்கள். காய்ச்சல், சளி இருந்தாலும் அது தீரும் வரை தள்ளுங்கள்.

சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணம். அங்கே இருப்பது பெரும்பாலும் ரத்தம் சேகரிக்கும் மையம். பி12 போன்றவை பெரிய நகரத்து லேபுக்குப் போகும். பண்டிகைக்கு முந்தைய நாள் கொடுத்தால் வண்டி போகாமல் சாம்பிள் தங்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது. "சாம்பிள் இன்னைக்கே கிளம்பிடுமா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

## 9. ரத்தம் கொடுக்கும் காலையில்

முந்தைய இரவு சாப்பிட்ட பிறகு 10 முதல் 12 மணி நேரம் எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சர்க்கரை போடாத காபியும் கூடாது. சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு லேபில் வரிசையில் நிற்பது ஆபத்து. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு எடுப்பது பற்றி மருத்துவரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. அது மற்ற டெஸ்டுகளோடு ஒரே குத்தில் முடிகிறது.

முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். தைராய்டு டெஸ்ட் செய்யும் சில முறைகளில் அது எண்ணையே மாற்றிவிடும். ஆல்புமின் விகிதத்துக்குக் காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி செய்திருந்தாலோ, சிறுநீரில் தொற்று இருந்தாலோ, மாதவிடாய் நாட்களிலோ அதைக் கொடுக்க வேண்டாம்.

குழாய்களைக் கவனியுங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்த எண்ணிக்கையும் எச்பிஏ1சியும் ஓடும். மஞ்சள் மூடிக் குழாயில் கொழுப்பு, கல்லீரல், கிரியேட்டினின், டிஎஸ்எச், பி12 எல்லாம் ஓடும். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி. ஆகவே பி12 சேர்க்க மறந்துவிட்டுப் போனாலும், அன்றைக்கே லேபுக்குத் தொலைபேசியில் சொன்னால் அதே மஞ்சள் குழாயிலேயே போட முடியும்; மறுபடி குத்த வேண்டாம். வீட்டுக்கு வரும் கட்டணமும் இரண்டாவது முறை விழாது. மறுநாள் வரை காத்திருந்தால் சாம்பிள் போதாது அல்லது பழையதாகிவிட்டது என்று சொல்லலாம். சேர்க்கும்போது, நேற்று சம்மதித்த 20% இதற்கும் உண்டு என்பதை நினைவூட்டுங்கள்.

## 10. பணம் கட்டும் முன் பில்லில் பார்க்க வேண்டியவை

கூடுதல் டெஸ்ட் ஒவ்வொன்றும் பெயரோடு தனி வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் உதாரணத்தில் பார்க்க வேண்டியது ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். அதற்குப் பதில் 'கிரியேட்டினின், சிறுநீர்' என்று மட்டும் ஏறியிருந்தால் அது வேறு டெஸ்ட், ஆல்புமின் அளக்கப்படாது. அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், ரிப்போர்ட் வந்த பிறகு திருத்துவது கஷ்டம்.

நோயைக் கண்டறியும் பரிசோதனைகளைச் செய்யும் மருத்துவ நிறுவனங்களின் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. டெஸ்ட் தொகையின் மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். இடையில் இருக்கும் செயலி வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு வரி இருக்கலாம். அது தனி வரியில் வர வேண்டும்.

பழைய வருமான வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்பவர்கள், 80டி என்று பழக்கத்தில் சொல்லும் கழிவில் முன்தடுப்புப் பரிசோதனைக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம். தன் பெயர், கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் எல்லோருக்கும் சேர்த்தே 5,000. அது காப்பீட்டுப் பிரீமியத்துக்கான 25,000 வரம்புக்கு வெளியே அல்ல, உள்ளேயே அடங்கும். பிரீமியமே அந்த வரம்பை எட்டிவிட்டால் இதனால் பயனில்லை. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. பரிசோதனைக்கு ரொக்கமும் செல்லும். நம் தம்பதியின் 5,190ல் 5,000 வரை காட்டலாம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை. பில்லில் ஒவ்வொருவர் பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். 'திருமதி' என்று மட்டும் போட்டு அவசரமாக அச்சடித்த பில்லை மாற்றி வாங்கிவிடுங்கள்.

பில்லைக் கையில் வாங்கியதும் செல்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ரசீதுத் தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்; வரிக் கணக்குக் கேட்கும் நேரத்தில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.